‘ஆமாங்க’ என்றால் சம்மதமா?

பீளமேட்டு வாலிபர் ஒருவருக்குத் திருப்பூரில் பெண் பார்த்தார்கள். பெரியவர்கள் அனுமதியுடன் தினமும் மாலையில் டெலிபோனில் பேசினார்.

"சாப்பிட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"வேலை முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க."

அதற்கு மேல் பேச்சு இல்லை. கொங்கு நாட்டில் ‘ங்க’ என்பது மரியாதை. அது விருப்பத்துக்கு அடையாளம் அல்ல.

அக்காள் யோசனை சொன்னாள்: "நீ கேட்கிற கேள்விக்கு ஒரு சொல்தான் பதில். அதோடு, பனியன் கம்பெனியில் மாலையில் ஓவர்டைம் இருக்கும். நேரத்தை மாற்றிப் பார்."

வாலிபர் ஞாயிற்றுக்கிழமை பேசினார். "கம்பெனியிலே உங்க வேலை எப்படீங்க?" என்று கேட்டார்.

"தையலுங்க" என்றாள்.

மூன்று வாரம் இதே கதை. அவளாக ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு நாளும் அவளாகக் கூப்பிடவில்லை.

நேரம் மாறியும், கேள்வி மாறியும் பதில் மாறாவிட்டால் நிறுத்த வேண்டிய இடம் அதுதான். காரணம் கேட்டு நச்சரிக்கக் கூடாது. ‘இல்லை’ என்று சொல்ல வழி விட வேண்டும்.

"இஷ்டம் இல்லீன்னா சொல்லிருங்க. பெரியவங்ககிட்ட நானே பேசிக்கறேன்" என்றார்.

அன்றுதான் அவள் வாய் திறந்தாள்: "இஷ்டமில்லீங்க. அப்பாகிட்டச் சொல்லப் பயமா இருந்துதுங்க."

வாலிபர் தன் வீட்டில், "எனக்கு ஒத்து வராது" என்றார். பெண்மேல் பழி விழவில்லை. பேச்சு அதோடு நின்றது.