நுழைவுக் கட்டணம் பந்தலுக்கு, நன்கொடை நுண்ணோக்கிக்கு

ஊர்ப் பள்ளிக்கு நிதி திரட்ட ஒரு விளையாட்டுப் போட்டி நடத்தலாம் என்று முடிவானதும், பெரும்பாலும் முதலில் பேசப்படுவது பரிசுத் தொகைதான். முதல் பரிசு யார் தருவது, இரண்டாம் பரிசு யார் தருவது என்று ஊரில் கைதூக்கிக் கொடுக்கக்கூடியவர்களை எல்லாம் அதிலேயே செலவழித்துவிடுகிறோம். அந்தப் பணம் வெளியூர் அணியோடு போய்விடும். பந்தல், மைக் செட், மின்விளக்கு எல்லாவற்றுக்கும் கொடுத்தது போக, பள்ளிக்கு மிஞ்சுவது சில ஆயிரங்களாகத்தான் இருக்கும்.

இதைத் தவிர்க்க நல்ல வழி, முன்னாள் மாணவர்களைச் செட் வாரியாக மோதவிடுவது. 95 செட், 2004 செட் என்று பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டை வைத்து அணி பிரித்தால், யாரும் பரிசுப் பணத்துக்காக வரமாட்டார்கள். கோப்பையே போதும். நன்கொடை தரக்கூடியவர்களும் அந்த அணிகளுக்குள்ளேயே இருப்பார்கள். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வரும் பொங்கல் விடுமுறை இதற்குத் தோதான நாள். வடகிழக்குப் பருவமழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆய்வகத்துக்கு ஐந்து நுண்ணோக்கிகள், கண்ணாடிக் கதவு வைத்த ஓர் அலமாரி, கொஞ்சம் கண்ணாடிச் சாமான்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நுண்ணோக்கி ஒன்று 7,000 ரூபாய் வீதம் 35,000, அலமாரி 15,000, கண்ணாடிச் சாமான்கள் 10,000. ஆக மொத்தம் 60,000 ரூபாய். இந்த விலைகள் உதாரணத்துக்குத்தான். உண்மையான விலையை, அறிவியல் ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு மூன்று கடைகளில் எழுத்தில் வாங்க வேண்டும். ஜி.எஸ்.டி. சேர்த்துச் சொன்ன விலையா, தனியா என்பதை அங்கேயே கேட்டுவிட வேண்டும். பில் போடும்போதுதான் பலருக்கும் இது தெரியவருகிறது. உயர்நிலைப் பள்ளிக்கு 10, 40 மடங்கு லென்ஸ் உள்ள நுண்ணோக்கியே போதும். கண்ணாடியால் வெளிச்சம் வாங்கும் வகை என்றால் மின்சாரம் போனாலும் வகுப்பு நடக்கும்.

இனி போட்டி. கைப்பந்து, 16 அணிகள், ஒரே நாள். தோற்றால் வெளியே என்ற முறையில் வைத்தால் காலை எட்டு மணிக்குள் பல அணிகள் வீட்டுக்குப் போய்விடும். பணம் கட்டி வந்தவர்களுக்கு அது வருத்தம், திடலும் காலியாகும். நான்கு அணிகள் கொண்ட நான்கு பிரிவுகளாகப் பிரித்தால் ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டங்கள் உறுதி. பிரிவு ஆட்டங்கள் மொத்தம் 24. ஆட்டத்துக்கு 21 புள்ளிகள் கொண்ட ஒரே செட் என்றால், அணிகள் இறங்கி ஏறும் நேரத்தையும் சேர்த்து 25 நிமிடம் பிடிக்கும். இரண்டு ஆடுகளங்களில் தலா 12 ஆட்டங்கள். காலை ஏழுக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்கு முடியும். மூன்று மணிக்கு அரையிறுதிகள் இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தி, நாலரைக்கு இறுதிப் போட்டி வைத்தால் இருட்டுவதற்குள் பரிசளிப்பே முடிந்துவிடும். மின்னொளியில் ஆடினால் கூட்டம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் விளக்குக்கும் ஜெனரேட்டருக்கும் கொடுக்கிற வாடகையில் ஒரு நுண்ணோக்கி போய்விடும் என்றால், பகல் ஆட்டமே போதும்.

பிரிவுகளை வயதை வைத்துத்தான் அமைக்க வேண்டும். பல வருடங்களாகப் பந்தைத் தொடாத ஐம்பது வயதுக்காரர்களை, போன வருடம் பள்ளி முடித்தவர்களோடு காலையிலேயே மோதவிட்டால் கணுக்கால் பிசகும், மூச்சு வாங்கும். மூத்த செட்டுகள் தங்களுக்குள் ஆடட்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கோப்பை வைத்தால், அரையிறுதியில் இளையவர்களிடம் தோற்றாலும் அவர்கள் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். இங்கே ஒரே ஒரு விதியைத்தான் நான் விடாப்பிடியாகச் சொல்வேன்: போட்டி நடத்தும் பணமும் பொருள் வாங்கும் பணமும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. நுழைவுக் கட்டணம் அணிக்கு 1,500 என்றால் 24,000 ரூபாய் வரும். அன்றைய செலவு முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். நடுவர்கள் நால்வருக்கு 4,000, பந்தல், நாற்காலி 4,000, கோப்பைகள் 4,500, மைக் செட் 3,000, கம்பம், வலை, சுண்ணாம்புக் கோடு என்று ஆடுகளத்துக்கு 2,000, தண்ணீரும் மோரும் 2,000, நோட்டீஸ், ஃபிளெக்ஸ் 2,000, முதலுதவிப் பெட்டி 500. இதுவரை 22,000. மீதி 2,000 எதிர்பாராத செலவுக்கு.

நன்கொடை தனிக் கணக்கு. செட்டுக்கு 3,000 கேட்டால் 48,000. பத்துப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்குப் பெரிய சுமையில்லை. திடலைச் சுற்றி எட்டுக் கடைகளின் பேனர், தலா 1,000. மீதி 4,000 பலகாரக் கடை லாபத்தில் வர வேண்டும். மழை வந்தால் முதலில் அடிபடுவது பலகாரக் கடைதான் என்பதால், அந்தத் தொகையை நிச்சயமாக எண்ணாமல் இருப்பது நல்லது. இப்படிப் பிரித்துவிட்டால், “நான் கொடுத்த காசு பந்தலுக்குப் போச்சா, பள்ளிக்கூடத்துக்குப் போச்சா?” என்று யாராவது கேட்கும்போது தயங்காமல் பதில் சொல்லலாம்.

பதினாறு அணிகள் வருவதாகச் சொல்லிப் பன்னிரண்டுதான் வந்தால் கட்டணத்தில் 6,000 குறையும். எதிர்பாராத செலவுக்கு வைத்தது போக இன்னும் 4,000 துண்டு விழும். அதனால் பிரிவுக்கான சீட்டுக் குலுக்கலைப் பத்து நாள் முன்பே வைத்து, கட்டணம் முழுவதும் கட்டிய அணியின் பெயரை மட்டும் சேர்க்க வேண்டும். அணி குறைந்தால் எதைக் குறைப்பது என்பதையும் முன்பே எழுதிவைக்க வேண்டும்: பந்தலைப் பாதியாக்கி ஆலமரத்தடியிலோ வகுப்பறைத் தாழ்வாரத்திலோ உட்காரலாம், ஃபிளெக்ஸை விட்டுவிடலாம். நடுவர்களிலும் முதலுதவியிலும் கைவைக்கக் கூடாது.

பொறுப்புகளைப் பிரிப்பதில் முக்கியமானது, பணம் வாங்குபவரும் செலவழிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது. பொருளாளர் வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகத்தில் வரவு வைப்பார். அவர் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவுக்குப் போகாது. செலவுப் பொறுப்பாளர் பட்ஜெட்டில் உள்ள தொகையை எழுதி வாங்கி, பில்லோடு கணக்கு ஒப்படைப்பார். கியூஆர் கோடு தனியொருவரின் கணக்குக்கு இருக்கக் கூடாது. தலைமையாசிரியரிடம் பேசிப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கிலோ, இருவர் கையெழுத்திடும் முன்னாள் மாணவர் சங்கக் கணக்கிலோ போடலாம். கொடுத்தனுப்பிய ரசீதுப் புத்தகங்கள், எழுதாத தாள்களோடு அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். ஒன்று வராவிட்டாலும் கணக்கு முடிந்ததாகாது.

ஆடுகளம் உடற்கல்வி ஆசிரியர் பொறுப்பு. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், சுற்றிலும் 3 மீட்டர் காலியிடம். வலை உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்கள் அணிகள் வந்தால் 2.24. புள்ளி எழுதவும் கோட்டில் நிற்கவும் அப்போது ஓய்விலிருக்கும் அணியிலிருந்து ஆள் தர வேண்டும் என்பதைக் குலுக்கலன்றே சொல்லிவிட வேண்டும். முதலுதவி மேசையில் இருப்பவருக்கு வேறு வேலை தரக் கூடாது. நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் ஆட்டத்தை நிறுத்தி 108-ஐ அழைக்கும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். தலைமையாசிரியரின் எழுத்துபூர்வ அனுமதி, ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி இரண்டையும் ஒருங்கிணைப்பாளர் முன்கூட்டியே வாங்கிவிடுவார்.

போட்டி முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு செலவை ஒரே தாளில் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பொருளுக்கான பில் பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும். வந்திறங்கியதும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். மைக்கில் அறிவித்த தொகை முழுவதும் கைக்கு வராமலும் போகலாம். கணக்கில் 53,000 தான் சேர்ந்தது என்றால் நான்கு நுண்ணோக்கிகளுக்கு மட்டும் ஆர்டர் கொடுங்கள். ஐந்தாவதைக் கடன் சொல்லி வாங்க வேண்டாம். இன்னும் தராத செட்டின் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதாமல், பொருளாளர் தனியாக ஒரு முறை அழைத்துக் கேட்கட்டும்.