ஒரு நெடுவரிசையை ஒற்றை வரியாக்குவதும் திரும்பப் பிரிப்பதும்

தரவுத்தளத்திடம் ஒரு நூலைப் பற்றிக் கேட்பது எளிது. நானூற்று எண்பது நூல்களைப் பற்றி ஒரே கேள்வியில் கேட்க வேண்டுமானால் SQL மொழியின் `IN` பகுதி தேவைப்படும். அடைப்புக்குறிக்குள் மதிப்புகளை வரிசையாகக் கொடுத்தால், அவற்றில் ஏதேனும் ஒன்றோடு பொருந்தும் பதிவுகள் அனைத்தையும் தரவுத்தளம் எடுத்துத் தரும். அது எதிர்பார்க்கும் வடிவம் இது:

```
SELECT isbn, title FROM books
WHERE isbn IN ('0140449132','014044913X');
```

எழுத்தாகச் சேமிக்கப்பட்ட ஒவ்வொரு மதிப்பும் ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் இருக்க வேண்டும். இரண்டு மதிப்புகளுக்கு நடுவே காற்புள்ளி வர வேண்டும். கடைசி மதிப்புக்குப் பின் காற்புள்ளி கூடாது. இரட்டை மேற்கோள் இங்கே உதவாது. ஆரக்கிள், போஸ்ட்கிரஸ் போன்றவை இரட்டை மேற்கோளுக்குள் இருப்பதை மதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் நெடுவரிசையின் பெயராக வாசிக்கும்.

ஒரு நூலகத்துக்கு 480 நூல்கள் நன்கொடையாக வருகின்றன என்று கொள்வோம். கூடவே வந்த எக்செல் தாளில் A2 முதல் A481 வரை அவற்றின் ஐ.எஸ்.பி.என். எண்கள் இருக்கின்றன. இவற்றில் எவை ஏற்கெனவே நூலகத்தில் உள்ளன என்பது தெரிய வேண்டும். பழைய நூல்களின் பத்து இலக்க எண்கள் இந்த வேலையின் சிக்கல்களைத் தெளிவாகக் காட்டும். ஆங்கில நூல்கள் பலவற்றின் எண் 0-இல் தொடங்கும்; சில எண்களின் கடைசி இடத்தில் இலக்கத்துக்குப் பதில் X இருக்கும்.

முதல் இழப்பு கோப்பைத் திறக்கும்போதே நேர்ந்துவிடுகிறது. 0140449132 என்பதை எக்செல் ஓர் எண்ணாகக் கருதி, முன்னால் உள்ள சுழியத்தை நீக்கி 140449132 என்று வைத்துக்கொள்ளும். X-இல் முடிவது எழுத்தாகவே தங்கிவிடும். ஆகவே ஒரே நெடுவரிசையில் சில கட்டங்கள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும். தனியாக எந்த ஒழுங்கும் செய்யாத தாளில் எண் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் சாயும் என்பதால், இந்தக் கலப்பைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். நூல் எண்ணில் போகும் சுழியத்தை மீட்டுவிடலாம். பதினாறு இலக்க எண்ணாக இருந்தால் அதுவும் முடியாது. எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும். பதினாறாவது இடத்தில் 0 வந்து உட்கார்ந்துவிடும், பழைய இலக்கம் கோப்பில் எங்கும் இருக்காது. அத்தகைய எண்களுக்கு, நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றிய பின்னரே தரவை உள்ளே கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது இடையூறு கண்ணுக்குத் தெரியாது. இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுத்த மதிப்புகளின் ஓரத்தில் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரண இடைவெளியை `TRIM` நீக்கிவிடும். வரி உடையாமலிருக்க இணையப் பக்கங்களில் பயன்படும் 160-ஆம் எண் இடைவெளியை அது தொடாது. அப்படி ஒரு மதிப்பு வினவலுக்குள் போனால் பிழைச் செய்தி எதுவும் வராது. அந்த நூல் இல்லை என்ற விடை மட்டும் வரும். இருக்கும் நூலை இல்லை என்று சொல்லும் விடை, பிழைச் செய்தியைவிட ஆபத்தானது.

எனவே ஒட்டுவதற்கு முன் B நெடுவரிசையில் மதிப்புகளைத் துப்புரவு செய்துகொள்வது நல்லது:

```
=TEXT(TRIM(SUBSTITUTE(A2,CHAR(160)," ")),"0000000000")
```

உள்ளே இருப்பது அந்தப் பிடிவாதமான இடைவெளியைச் சாதாரண இடைவெளியாக்குகிறது. `TRIM` ஓரங்களை வெட்டுகிறது. `TEXT` பத்து இலக்கத்துக்குக் குறைந்ததன் முன்னால் சுழியம் சேர்க்கிறது. X-இல் முடியும் எழுத்து மதிப்பும் பதின்மூன்று இலக்கப் புது எண்ணும் மாற்றமின்றி வெளிவரும். எண்களுக்கு நடுவே சிறுகோடுகள் இருந்து, தரவுத்தளம் கோடின்றிச் சேமித்திருந்தால், அவற்றையும் இதே `SUBSTITUTE` கொண்டு நீக்கிவிட வேண்டும். இந்தச் சூத்திரத்தை B481 வரை இழுத்தபின் ஒட்டும் வேலை தொடங்கலாம்.

எக்செல் 2019 முதல் `TEXTJOIN` என்ற செயற்கூறு இருக்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் உண்டு. எந்தக் குறியால் இணைப்பது, வெற்றுக் கட்டங்களை விட்டுவிடுவதா, எவற்றை இணைப்பது என்று மூன்று செய்திகளை அது கேட்கும். பலரும் எழுதும் சூத்திரம் இது:

```
=TEXTJOIN(",",TRUE,"'"&B2:B481&"'")
```

`"'"` என்பது இரட்டை மேற்கோள்களுக்கு நடுவே ஓர் ஒற்றை மேற்கோள். பார்க்கக் குழப்பமாக இருந்தாலும், ஒற்றை மேற்கோள் என்ற எழுத்தைச் சூத்திரத்துக்குள் குறிக்க இதுதான் வழி. இந்தச் சூத்திரம் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் இரண்டு இடங்களில் தவறும்.

ஒன்று, வெற்றுக் கட்டம். `TRUE` என்று சொல்லியும் அது விடப்படாது. ஏனெனில் இணைப்பதற்கு முன்பே அதன் இருபுறமும் மேற்கோள் ஏறி, வெறுமை `''` என்ற மதிப்பாகிவிடுகிறது. `IN` பட்டியலில் இது பெரிய தீங்கு செய்யாது. "இவற்றில் எதுவும் அல்லாதவை" என்று கேட்கும் `NOT IN` பட்டியலில், அதுவும் ஆரக்கிளில், விளைவு மோசமானது. ஆரக்கிள் வெற்று எழுத்தை NULL, அதாவது "தெரியாதது" என்று கருதும். தெரியாத ஒன்றுக்குச் சமமல்ல என்று எந்தப் பதிவையும் உறுதிசெய்ய முடியாததால், ஒரு வரிகூட விடையாக வராது. தாளின் நடுவில் விடுபட்ட ஒரே கட்டம் முழு விடையையும் காலியாக்கிவிடும்.

மற்றொன்று, மதிப்புக்குள்ளேயே ஒற்றை மேற்கோள் இருப்பது. எண்களில் இது நேராது. அதே நூல்களைத் தலைப்பை வைத்துத் தேடினால் உடனே நேரும். ருஷ்டியின் மிட்நைட்ஸ் சில்ட்ரன் நாவலின் ஆங்கிலத் தலைப்பில் ஒரு மேற்கோள் குறி இருக்கிறது. தரவுத்தளம் அந்தக் குறியோடு மதிப்பு முடிந்துவிட்டதாக நினைத்து, மீதியைக் கட்டளையாக வாசிக்க முயன்று தடுமாறும். ஆரக்கிளில் ORA-01756 என்ற பிழை வருவதற்கு இத்தகைய மூடாத மேற்கோளே காரணம். உள்ளே வரும் ஒவ்வோர் ஒற்றை மேற்கோளையும் இரண்டாக எழுத வேண்டும் என்பது SQL விதி: `'Midnight''s Children'`. இரண்டு குறைகளையும் நீக்கிய சூத்திரம்:

```
=TEXTJOIN(",",TRUE,IF(B2:B481="","",
 "'"&SUBSTITUTE(B2:B481,"'","''")&"'"))
```

எக்செல் 2019-இல் இதை இட்டபின் Ctrl+Shift+Enter அழுத்த வேண்டும். கூகுள் ஷீட்ஸில் முழுவதையும் `ARRAYFORMULA` என்பதற்குள் வைக்க வேண்டும். புதிய எக்செல்லில் Enter போதும்.

கிடைத்த வரியில் எத்தனை மதிப்புகள் உள்ளன என்பதை நீளமே சொல்லிவிடும். பத்து எழுத்து எண் ஒன்றுக்கு இரண்டு மேற்கோளும் ஒரு காற்புள்ளியும் சேர்ந்து 13 எழுத்து. 480 எண்களுக்கு 6,240. கடைசிக் காற்புள்ளி இல்லாததால் 6,239. `LEN` வேறு விடை தந்தால், பதின்மூன்று இலக்க எண்கள் கலந்திருக்கலாம், அல்லது ஏதோ விடுபட்டிருக்கலாம். ஓர் எக்செல் கட்டம் 32,767 எழுத்துகள் வரை மட்டுமே கொள்ளும். பத்து எழுத்து எண்களானால் 2,520 வரை அடங்கும். அதைத் தாண்டினால் `#VALUE!` என்று வந்துவிடும். ஆரக்கிளின் பழைய பதிப்புகளில் எல்லை இதைவிடக் குறுகியது. அவற்றின் `IN` பட்டியலில் ஆயிரம் மதிப்புகளுக்கு மேல் அனுமதியில்லை. மீறினால் ORA-01795 வரும். அப்போது பட்டியலை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து, இரண்டு `IN` பகுதிகளை `OR` கொண்டு இணைத்து, இரண்டையும் சேர்த்து ஓர் அடைப்புக்குறிக்குள் இட வேண்டும். அந்த வெளி அடைப்புக்குறியை மறந்தால், வினவலில் உள்ள வேறு `AND` நிபந்தனைகள் ஒரு பாதிக்கு மட்டும் பொருந்தி, வேண்டாத வரிகளும் வந்து சேரும். பல ஆயிரம் மதிப்புகள் என்றால் இந்த முறையையே விட்டுவிட்டு, அவற்றைத் தற்காலிக அட்டவணை ஒன்றில் ஏற்றி இணைத்துத் தேடுவதே முறை.

எதிர்த்திசைப் பயணமும் அடிக்கடி தேவைப்படும். பழைய வினவல் ஒன்றில் நீளமான பட்டியல் இருக்கும். அது தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வேண்டும். மேற்கோள்களையெல்லாம் அழித்துவிட்டுக் காற்புள்ளியில் பிரிப்பது கைக்கு முதலில் வரும் வழி. எண்களுக்கு அது போதும். தலைப்புகளில் உள்ள காற்புள்ளியிலும் அது வெட்டும். இரட்டிக்கப்பட்ட மேற்கோளையும் முழுதாகத் தின்றுவிடும். மதிப்புகளை உண்மையில் பிரிப்பது காற்புள்ளி மட்டும் அன்று. மேற்கோள், காற்புள்ளி, மேற்கோள் என்ற மூன்று எழுத்துத் தொடர்தான். அந்தத் தொடரில் வெட்ட வேண்டும்:

```
=SUBSTITUTE(TEXTSPLIT(MID(D1,3,LEN(D1)-4),,"','"),"''","'")
```

இங்கே பட்டியல் D1-இல் அடைப்புக்குறிகளோடு சேர்த்தே இருக்கிறது. காரணம் உண்டு. கட்டத்தில் முதல் எழுத்தாக ஒற்றை மேற்கோளைத் தட்டினால், "இது எழுத்து" என்று சொல்லும் குறியாக அதை எக்செல் எடுத்துக்கொண்டு மறைத்துவிடும். பிறகு நீளக் கணக்கு ஒன்று தவறும். அடைப்புக்குறி முன்னால் நின்றால் மேற்கோள் தப்பிக்கும். `MID` இரு முனைகளிலும் இரண்டிரண்டு எழுத்துகளை நீக்க, `TEXTSPLIT` தொடரை வெட்டிக் கீழ்நோக்கி அடுக்க, வெளியே உள்ள `SUBSTITUTE` இரட்டை மேற்கோளை ஒற்றையாக்குகிறது. காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டு எழுதிய பட்டியலானால் வெட்டும் தொடரிலும் அந்த இடைவெளி வேண்டும். `TEXTSPLIT` மைக்ரோசாஃப்ட் 365-இலும் எக்செல் 2024-இலும் உண்டு. தருவது எழுத்து என்பதால் சுழியங்கள் பத்திரமாக இருக்கும். கூகுள் ஷீட்ஸின் `SPLIT` எண்ணாகத் தெரிவதை எண்ணாக்கிவிடும். சுழியம் மறுபடியும் போகும்.

வினவல் 467 வரிகளைத் தந்ததாகக் கொள்வோம். நூலகத்தில் இல்லாத நூல்கள் எவை என்று `IN` சொல்லாது. கிடைத்தவற்றை மட்டுமே காட்டும். ஒரே எண் தாளில் இருமுறை இருந்தாலும், நூலகத்தில் ஒரே நூலுக்கு இரண்டு பதிவுகள் இருந்தாலும் 480-இலிருந்து 467-ஐக் கழித்துக் கிடைக்கும் பதின்மூன்று பொய்யாகிவிடும். எனவே வந்த விடையில் உள்ள எண்களை எழுத்து வடிவமாக்கிய F நெடுவரிசையில் ஒட்டி, துப்புரவு செய்த B-யோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும்:

```
=ISNA(MATCH(B2,$F$2:$F$468,0))
```

TRUE என்று வரும் வரிகள் தரவுத்தளத்தில் கிடைக்காதவை. `MATCH` எழுத்தையும் எண்ணையும் வேறு வேறாகக் கருதும் என்பதால், X-இல் முடியாத எல்லா வரிகளிலும் TRUE வந்தால் F நெடுவரிசை எண்ணாக மாறிவிட்டது என்று பொருள். இங்கே `COUNTIF` பொருத்தமன்று: அது எழுத்தாக உள்ள எண்களையும் எண்ணாக மாற்றிப் பார்க்கும், பதினைந்து இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களில் கடைசி இலக்கங்கள் வேறுபட்டாலும் ஒன்றென்று சொல்லிவிடும். TRUE வந்த வரிகளை வடிகட்டி, அவற்றில் சிலவற்றை நூலகத்தில் தலைப்பை வைத்துத் தேடிப் பார்த்தால், உண்மையில் இல்லாத நூல்களையும் வேறு பதிப்பின் எண்ணில் பதிவாகியிருக்கும் நூல்களையும் பிரித்தறியலாம்.