டேட்டாபேஸுக்கு வாசல் எதற்கு?

இணையத்தில் புடவை விற்கும் சிறு கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பார்க்கும் பக்கங்களைக் காட்ட ஒரு வெப் சர்வர். ஆர்டர், முகவரி, போன் நம்பர் எல்லாம் சேர்த்துவைக்க ஒரு டேட்டாபேஸ். இரண்டையும் அமேசான் நிறுவனத்தின் மும்பை கிளவுடில் வைக்கப் போகிறார்கள். முதலாவதை உலகமே வந்து பார்க்க வேண்டும். இரண்டாவதை அந்த வெப் சர்வரைத் தவிர வேறு யாரும் நெருங்கக் கூடாது.

இதற்காகத்தான் விபிசி என்ற ஏற்பாடு. லட்சக்கணக்கானோர் பகிர்ந்துகொள்ளும் கிளவுடுக்குள் நமக்கென்று வேலி போட்ட ஒரு நெட்வொர்க் அது. அமேசான் இதை 2009இல் அறிமுகப்படுத்தியது.

முதல் வேலை, முகவரிகளின் எல்லையை முடிவு செய்வது. நம் கடைக்கு 10.20.0.0/16 என்று வைப்போம். அதில் 65,536 முகவரிகள் உண்டு. பயிற்சிப் பாடங்களில் பார்த்த 10.0.0.0/16 எண்ணையே பலரும் யோசிக்காமல் போட்டுவிடுவார்கள். பிறகு ஒருநாள் இன்னொரு விபிசியுடன் நேரடியாக இணைக்கப் போகும்போது, அதுவும் 10.0.0.0/16 என்றால் இணைப்பு நடக்காது. முதலில் கொடுத்த எல்லையைப் பின்னால் மாற்றவும் வழியில்லை. அதனால் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போதே, அலுவலகமும் மற்ற நெட்வொர்க்குகளும் என்ன எண்களில் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, இந்த எல்லையைச் சப்நெட்களாகப் பிரிப்பது. வெப் சர்வருக்கு 10.20.1.0/24, டேட்டாபேஸுக்கு 10.20.11.0/24. ஒவ்வொன்றிலும் 256 முகவரிகள். ஐந்தை அமேசான் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 251. முதலாவதை ‘பப்ளிக்’, மற்றதை ‘பிரைவேட்’ என்பார்கள். ஆனால் சப்நெட்டுக்கு அப்படிப் பெயர் வைத்துவிட்டால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. எந்தச் சப்நெட் எப்படிப்பட்டது என்பதை முடிவு செய்வது அதனுடன் இணைத்த ரூட் டேபிள்தான். வெப் சர்வரின் பக்கத்து டேபிள் இது:

```
10.20.0.0/16   local
0.0.0.0/0      igw
```

முதல் வரி, விபிசிக்குள் இருப்பவை தங்களுக்குள் பேசிக்கொள்ள. இரண்டாவது வரி, மற்ற எல்லா முகவரிக்கும் இன்டர்நெட் கேட்வே வழியாகப் போகச் சொல்கிறது. இந்த ஒரு வரி இருந்தால் சப்நெட் பப்ளிக், இல்லாவிட்டால் பிரைவேட். சர்வருக்கு வெளி முகவரி ஒன்றும் வேண்டும் என்பதை மறந்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதே, ஏன் திறக்கவில்லை என்று விழிப்பவர்கள் நிறைய.

டேட்டாபேஸ் சப்நெட்டின் டேபிளில் igw வரி இருக்காது. அப்படியென்றால் அந்த சர்வர் மென்பொருள் அப்டேட்டை எப்படி இறக்கும்? அதற்கு நாட் கேட்வே: உள்ளிருந்து தொடங்கும் பேச்சுக்குப் பதில் வரும், வெளியிலிருந்து யாரும் பேச்சைத் தொடங்க முடியாது. இது பப்ளிக் சப்நெட்டில் உட்கார வேண்டும். பிரைவேட் சப்நெட்டிலேயே வைத்துவிட்டால் திரையில் Available என்றுதான் காட்டும், ஒரு பாக்கெட்டும் வெளியே போகாது. சும்மா கிடந்தாலும் மணிக்கணக்கில் காசு கேட்கும் சாமான் இது. டேட்டாபேஸை அமேசானே பராமரிக்கும் சேவையாக வாங்கினால், இந்தச் சிறு கடைக்கு நாட் கேட்வே தேவையே இல்லை.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: எந்த டேபிளுடனும் இணைக்காத புதுச் சப்நெட், விபிசியின் முதன்மை ரூட் டேபிளைத் தானாகப் பின்பற்றும். அந்த டேபிளில் igw வரியைச் சேர்த்து வைத்திருந்தால், நாளை உருவாக்கும் சப்நெட்கள் எல்லாம் சத்தமில்லாமல் பப்ளிக் ஆகிவிடும். முதன்மை டேபிளை local வரியோடு விட்டுவிடுவதே உத்தமம்.

வழி போட்டாயிற்று, யாரை உள்ளே விடுவது என்பது செக்யூரிட்டி குரூப்பின் வேலை. வெப் சர்வரின் குரூப்பில் 443ஆம் போர்ட் எல்லோருக்கும் திறந்திருக்கும். டேட்டாபேஸ் குரூப்பில் போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தும் 5432 மட்டும். அனுமதி பெறுபவர் என்ற இடத்தில் முகவரி எழுதாமல் வெப் சர்வரின் குரூப்பையே குறிப்பிடலாம். தீபாவளிக் கூட்டத்துக்கு நான்கு வெப் சர்வர்கள் கூடினாலும் விதியைத் தொட வேண்டாம். அந்தக் குரூப்பில் சேர்ந்தாலே அனுமதி கிடைத்துவிடும். உள்ளே விட்ட கேள்விக்குப் பதில் போகத் தனி விதியும் வேண்டாம்.

வெப் சர்வரால் டேட்டாபேஸைத் தொட முடியவில்லை என்றால், பிழைச் செய்தியைப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வெகுநேரம் காத்துவிட்டு timed out என்று வந்தால், பெரும்பாலும் பாக்கெட் நடுவழியில் கைவிடப்பட்டிருக்கிறது. முதலில் செக்யூரிட்டி குரூப்பைப் பார்க்க வேண்டும். உடனே refused என்று வந்தால் பாக்கெட் சர்வர் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது, அங்கே போஸ்ட்கிரெஸ்தான் அந்தப் போர்ட்டில் காத்திருக்கவில்லை. அதற்கு செக்யூரிட்டி குரூப்பில் 0.0.0.0/0 போட்டுத் திறந்துவிட்டுப் பயனில்லை. டேட்டாபேஸ் ஓடுகிறதா, எந்த முகவரியில் கேட்கிறது என்று அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.