கப்பல் போகுமா, போகாதா?

திருப்பூர் பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் என்றொரு வேலை உண்டு. வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்கிற ஆள் அவர். ஆர்டர் கையில் வந்த நாளிலிருந்து நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு கட்டத்தையும் விரட்டிப் பிடித்து, சொன்ன தேதிக்குள் சரக்கைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஏற்றிவிட வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வந்தால் இரவு ஒன்பதுக்கும் போன் ஓயாது. இத்தனை ஓடியும், 'நான் செய்வது மேலே இருப்பவர் கண்ணுக்கே தெரிவதில்லை' என்று புலம்பாத மெர்ச்சண்டைசரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தப் புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால் பெரும்பாலும் மேலாளர் கண்ணை மூடிக்கொண்டிருப்பது அதற்குக் காரணமில்லை. அவர் வேறொரு கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் உழைப்பு அந்தக் கணக்கின் மொழியில் அவரிடம் போய்ச் சேர்வதில்லை.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். எண்கள் விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. நிலைமை ஏற்றுமதித் துறையில் இருக்கும் எவருக்கும் பழகியது. 12,000 டி-ஷர்ட், மூன்று நிறம், நிறத்துக்கு 4,000 பீஸ். பீஸ் விலை 250 ரூபாய் என்றால் மொத்தம் 30 லட்ச ரூபாய் ஆர்டர். வெள்ளையும் சாம்பலும் துணி வந்துவிட்டன. நேவி ப்ளூ மட்டும் டையிங்கிலிருந்து ஷேடு மாறி வந்திருக்கிறது. பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளுக்குப் பக்கத்தில் வைத்தால் பார்த்த உடனே தெரிகிறது. மறுபடி சாயம் போட வேண்டும். துணி மூன்று நாள் தாமதமாகும்.

மெர்ச்சண்டைசர் உடனே ஃபேக்டரி மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்: 'சார், நேவி லாட் ஷேடு சரியில்லை. டையிங்கில் பேசிவிட்டேன், ரீபிராசஸ் செய்கிறார்கள். ஃபாலோ செய்துகொண்டிருக்கிறேன்.'

இதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் காலையிலிருந்து டையிங் யூனிட்டில் நின்று சண்டை போட்டிருக்கிறார். ஆனால் பத்து நிமிடத்தில் மேனேஜரிடமிருந்து போன் வருகிறது: "அதெல்லாம் இருக்கட்டும்மா. கப்பல் போகுமா, போகாதா? அதைச் சொல்லு முதல்ல."

இப்படி வெடுக்கென்று கேட்டால் மனம் வலிக்கும். ஆனால் அந்த ஒரு கேள்வியில் மேனேஜர் தன் தலைவலி முழுவதையும் சொல்லிவிட்டார். அவரிடம் முதலாளி கேட்கப்போவதும் அதே கேள்விதான். ஷேடு ஏன் மாறியது என்று முதலாளி அப்புறம் கேட்பார். தேதி தவறினால் சரக்கு விமானத்தில் போக வேண்டியிருக்கலாம். அந்தச் செலவு கம்பெனி தலையில் விழும். முதலாளிக்கும் மேலே பேங்க் இருக்கிறது. ஆர்டரைக் காட்டி வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடன், சரக்கு போய் பில் பணம் வந்த பிறகுதான் அடையும். கப்பல் தள்ளிப்போனால் அதுவரைக்கும் வட்டி ஓடும்.

மேலாளரின் முன்னுரிமை என்ன என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய குணத்தையே ஆராய்கிறார்கள். கோபக்காரர், அவசரக்காரர், இன்னாருக்கு வேண்டியவர் என்று. அதைவிடப் பயன் தருகிற கேள்வி ஒன்று உண்டு: அவர் யாருக்கு, எதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்? அது தெரிந்துவிட்டால் அவருடைய பாதிக் கோபத்துக்குக் காரணம் கிடைத்துவிடும்.

அதைத் தெரிந்துகொள்ள ரகசியம் எதுவும் வேண்டாம். இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் குறித்து வந்தால் போதும். காலைக் கூட்டத்தில் அவர் முதலில் கேட்பது எது? யாருடைய போன் வந்தால் பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து போகிறார்? எந்தத் தகவலை நாம் கொடுத்ததும் அப்படியே மேலே அனுப்புகிறார், எதைத் திருத்தி எழுதுகிறார்? கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் உதவியது. அவர் திருத்துகிற இடத்தில்தான் நமக்கும் அவருக்கும் உள்ள இடைவெளி இருக்கிறது. இவற்றோடு, ஆர்டர் தொடங்கும்போதே நேராகவும் கேட்கலாம்: "சார், இந்த ஆர்டர்ல நீங்க எதுக்கு அதிகம் கவலைப்படுறீங்க, தேதிக்கா, செலவுக்கா, குவாலிட்டிக்கா?" மூன்றும்தான் என்பார். "ஒண்ணை விட்டுத்தான் ஆகணும்னா?" என்று கேட்டால் உண்மைப் பதில் வரும்.

நம் மெர்ச்சண்டைசர் அப்படிக் கேட்டு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். இதே பையரிடமிருந்து அடுத்த சீசன் ஆர்டர் பேச்சுவார்த்தையில் இருக்கிறது, முதலாளி அதற்காகக் காத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். இனி அந்த ஷேடு விவகாரத்தைத் திரும்பக் கணக்குப் போடலாம்.

துணி தாமதம் மூன்று நாள். அட்டவணையில் இரண்டு நாள் இடைவெளி இருக்கிறது. வெள்ளையையும் சாம்பலையும் முன்னால் தைத்துவிட்டால் லைன் சும்மா நிற்காது. ஆக, உண்மையில் துண்டு விழுவது ஒரே நாள். அந்த ஒரு நாளை ஈடுகட்ட மூன்று வழிகள். ஒன்று, தையல் லைனில் உள்ள 60 பேரும் நான்கு மாலைகள் இரண்டிரண்டு மணி நேரம் ஓ.டி. பார்ப்பது. மொத்தம் 480 மணி நேரம். சட்டப்படி இரட்டைச் சம்பளம், மணிக்கு 125 ரூபாய் என்றால் 60,000 ரூபாய். இரண்டாவது, நேவியை மட்டும் விமானத்தில் அனுப்புவது. பீஸ் 180 கிராம், 4,000 பீஸ் 720 கிலோ. கிலோவுக்கு 250 ரூபாய் வைத்தால் 1,80,000 ரூபாய். மூன்றாவது, நேவிக்கு மட்டும் அடுத்த கப்பல் வரை பையரிடம் அவகாசம் கேட்பது. அவர் 5 சதவீதம் தள்ளுபடி கேட்டால், 10 லட்சத்துக்கு 50,000 ரூபாய்.

காகிதத்தில் மூன்றாவதுதான் மலிவு. மேனேஜரின் கவலை என்ன என்று தெரியாதவர் அதைத்தான் சிபாரிசு செய்வார், சிக்கனமாக யோசித்ததாகவும் நினைப்பார். அடுத்த ஆர்டர் பேசிக்கொண்டிருக்கும் வாரத்தில் பையரிடம் போய்த் தேதி தள்ளிக் கேட்பது முதலாளிக்கு 10,000 ரூபாய் மிச்சத்தைவிடப் பெரிய நஷ்டம் என்பது நோட்டில் எழுதி வைத்தவருக்குத்தான் தெரியும். இதுவே அந்தப் பையருக்குக் கடைசி ஆர்டராக இருந்து, கம்பெனியும் பணமுடையில் இருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். கணக்கு மாறவில்லை, கணக்கை வாங்கிப் பார்ப்பவரின் பொறுப்பு மாறுகிறது.

இப்போது அதே செய்தி இப்படிப் போகும்: 'சார், நேவி ஷேடு மாறியதால் துணி 3 நாள் தாமதம். 4 நாள் ஓ.டி. போட்டால் கப்பலைப் பிடித்துவிடலாம், செலவு 60,000. பையரிடம் அவகாசம் கேட்டால் 50,000-த்தில் முடியலாம், ஆனால் புது ஆர்டர் பேசும் நேரம் என்பதால் நான் ஓ.டி.யைச் சொல்கிறேன். நாளைக் காலை 11-க்குள் சரி என்றால் லைனை மாற்றிவிடுவேன். டையிங் நாளை மாலை புது ஷேடு காட்டுகிறார்கள். அது தவறினால் விமானம் ஒன்றுதான் வழி, 1,80,000 ஆகும்.'

டையிங் யூனிட்டில் போட்ட சண்டையைப் பற்றி இதில் ஒரு சொல் இல்லை. ஆனாலும் முதல் செய்தியைவிட இதில்தான் அவருடைய வேலை தெரிகிறது. மேனேஜர் எதையும் திருத்தாமல் முதலாளிக்கு அனுப்ப முடியும். ஓ.டி.க்கு அனுமதி வாங்க அவரே முன்னின்று பேசுவார், ஏனென்றால் பேசுவதற்கான காரணத்தை அவர் கையில் கொடுத்தாகிவிட்டது. செய்தியின் கடைசி வரியை மட்டும் பலர் விட்டுவிடுவார்கள். திட்டம் தவறினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொன்னவரின் மற்ற எண்களைத்தான் மேலே உள்ளவர்கள் நம்புவார்கள்.

நான் இதைக் கற்றது ஒரு பிழையால். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு துணி லாட் தாமதமாகும் என்று தெரிந்தும், எப்படியாவது சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சரியாகவில்லை. என் மேலாளர் திட்டவில்லை. "முந்தா நாள் சொல்லியிருந்தா என்கிட்ட மூணு வழி இருந்துச்சு, இன்னைக்கு ஒண்ணுதான் இருக்கு" என்றார். அந்த இரண்டு நாளில் நான் தின்றுவிட்டது அவருடைய வழிகளை என்பது அதுவரை எனக்கு உறைக்கவேயில்லை.

என்ன சொல்வது என்பதோடு எப்படிச் சொல்வது என்பதும் உண்டு. மேலாண்மை எழுத்தாளர் பீட்டர் டிரக்கர், மனிதர்களில் வாசித்து உள்வாங்குகிறவர்களும் கேட்டு உள்வாங்குகிறவர்களும் தனித்தனி ரகம் என்றார். அவர் காட்டிய உதாரணம் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர். இரண்டாம் உலகப் போரில் படைத்தலைவராக இருந்தபோது நிருபர்களின் கேள்விகளை உதவியாளர்கள் முன்கூட்டியே எழுதி வாங்கிக் கொடுப்பார்கள். அவருடைய பதில்கள் பளிச்சென்று இருந்தன. அதிபரான பின், கேள்விகளை நின்ற இடத்தில் காதால் கேட்டுப் பதில் சொல்லும் முறைக்கு வந்தார். அதே மனிதர் தடுமாறினார். அவர் வாசிக்கும் ரகம். நம் மேலாளர் கேட்கிற ரகமாக இருந்தால், மேலே உள்ள நீண்ட செய்தியை அவர் முழுதாகப் படிக்கமாட்டார். படித்தாரா என்று காத்திருக்காமல், போய் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு, பிறகு பதிவுக்காக எழுதி அனுப்புவதே சரி. வாசிக்கும் ரகமானால் எழுதி அனுப்பி, அவர் படித்த பிறகு பேச வேண்டும். எது என்று கண்டுபிடிப்பது எளிது: நாம் அனுப்பியதில் இருந்த விஷயத்தையே போனில் மறுபடி கேட்கிறார் என்றால், அவர் காதுக்காரர்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. மேலாளருக்குத் தேதி முக்கியம் என்பதற்காக, ஷேடு மாறிய துணியையே தைத்து நல்ல பீஸ்களின் அடியில் வைத்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பச் சொன்னால், அவருடைய கவலை நமக்குப் புரிகிறது என்பதால் அதற்கு உடன்பட வேண்டியதில்லை. அங்கேயும் அவருடைய கணக்கிலேயே பேசலாம்: பையர் கண்டுபிடித்தால் திரும்பி வருவது 4,000 பீஸ், போவது அடுத்த ஆர்டர். அதற்கும் இறங்கி வராவிட்டால், மறுத்ததை எழுத்தில் வைப்பது நமக்கு நல்லது. நம் செய்தியைத் தன் பெயரில் மேலே அனுப்பி, பெயரையும் தானே வாங்கிக்கொள்ளும் மேலாளர்களும் இருக்கிறார்கள். ஒருமுறை என்றால் பொறுக்கலாம். வழக்கமாகிவிட்டால், உற்பத்திக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நாமே கணக்கைச் சொல்லும்படி பார்த்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வேலை கவனிக்கப்படுகிறதா என்பதைப் பாராட்டைக் கொண்டு அளக்க முடியாது. அந்தத் துறையில் பாராட்டு அபூர்வம். நான் பார்த்த அடையாளம் வேறு. ஓர் ஆர்டர் முடிந்து அடுத்தது வரும்போது, பையரிடம் தேதி ஒப்புக்கொள்வதற்கு முன்னால் மேனேஜர் மெர்ச்சண்டைசரின் மேஜைக்கு வந்து நிற்பார். "இந்தத் தேதிக்கு நேவி வந்துருமாம்மா? நீ சொன்னா ஒத்துக்கறேன்."