உச்சி மாடி ஜன்னலுக்கு எத்தனை பிக்சல்?

கிராமத்திலிருந்து வரும் கதாநாயகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்குவான். அடுத்த காட்சியில் அண்ணாசாலையின் எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பான். சென்னை வந்தாயிற்று என்று சொல்லப் பழைய தமிழ்ப் படங்களுக்கு இது போதுமானதாக இருந்தது. 1959-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் உயரம் 177 அடி, அதாவது 54 மீட்டர். இன்றைக்கும் அதன் எதிரில் நின்று கைப்பேசியை மேல்நோக்கிப் பிடிப்பவர்களுக்குக் கிடைக்கும் படம் ஒன்றுதான்: அடிப்பகுதி அகலமாக, உச்சி குறுகலாக, மொத்தக் கட்டடமும் பின்னால் சாய்ந்து விழப்போவதுபோல.

நேரில் பார்க்கும்போது இந்தச் சாய்வு நம்மை உறுத்துவதில்லை. தலையை அண்ணாந்திருக்கிறோம் என்பது மூளைக்குத் தெரியும். அதற்கேற்பக் கணக்கைச் சரிசெய்துகொள்கிறது. அதே காட்சியைப் படமாக்கி நேராகக் கையில் பிடித்துப் பார்க்கும்போது அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

பழியைப் பலரும் லென்ஸின் மேல் போடுவார்கள். லென்ஸ் குற்றவாளி அல்ல. குற்றம் கேமராவைச் சாய்த்த கையுடையது. தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல் தெரிவது அவை நம்மைவிட்டு விலகிப் போவதால். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்ததும் கட்டடத்தின் சுவரும் அப்படியொரு தண்டவாளமாகிவிடுகிறது. கேமரா பார்க்கும் திசையில் அளந்தால், அடித்தளத்தைவிட உச்சி வெகுதூரம் தள்ளி இருக்கிறது. கேமராவை ரசமட்டம் வைத்ததுபோல் துளியும் சாய்க்காமல் பிடித்தால், உள்ளே இருக்கும் சென்சாரும் சுவரும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். அப்போது எவ்வளவு அகலக்கோண லென்ஸாக இருந்தாலும் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே விழும். ஆனால் படத்தின் பாதியைச் சாலை பிடித்துக்கொள்ளும், உச்சி வெட்டுப்பட்டுப் போகும். அதனால்தான் எல்லோரும் சாய்க்கிறார்கள்.

சாய்த்து எடுத்ததை நிமிர்த்தித் தர இப்போது மென்பொருள் இருக்கிறது. லைட்ரூமில் ஒரு பொத்தான், ஜிம்ப்பில் ஒரு கருவி, சில கைப்பேசிகளில் விரலால் இழுக்கும் ஒரு கோடு. குறுகிய உச்சியை இழுத்து அகலமாக்கினால் கட்டடம் நிமிர்ந்துவிடுகிறது. பார்க்க இலவசம்போல் இருக்கும். அதன் விலை என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

எல்.ஐ.சி. உயரமுள்ள கட்டடம் ஒன்றின் முகப்பிலிருந்து 40 மீட்டர் தள்ளி ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 2.4 கோடி பிக்சல் கொண்ட முழுச்சட்டக கேமரா, 24 மி.மீ. லென்ஸ். கேமராவை நெட்டுவாக்கில் திருப்பி, 25 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்தால் கட்டடம் முழுதும் படத்துக்குள் தாராளமாக அடங்கும். அந்தப் படத்தில் உச்சியின் அகலம், அடியின் அகலத்தில் 61 சதவீதமாகத் தெரியும்.

அப்படியானால் இழப்பு 39 சதவீதம்தானே என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். மேலே போகப்போகச் சுவர் அகலத்தில் மட்டும் சுருங்குவதில்லை; உயரத்தில் அதைவிட வேகமாகச் சுருங்குகிறது. உச்சி தூரமாக இருப்பதால் ஒரு சுருக்கம். அதைச் சரிவாகப் பார்ப்பதால் இன்னொரு சுருக்கம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுர ஜன்னலை எடுத்துக்கொண்டால், தரைத்தளத்தில் அதற்கு ஏறக்குறைய 112-க்கு 126 பிக்சல் கிடைக்கிறது. உச்சி மாடியில் அதே ஜன்னலுக்குக் கிடைப்பது 68-க்கு 47 மட்டுமே. பெருக்கிப் பார்த்தால் கீழே சுமார் 14,000, மேலே சுமார் 3,200. நாலில் ஒரு பங்குகூட இல்லை. அகலம் எத்தனை பங்கு குறைகிறதோ, அதை மும்முறை பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இதன் சூத்திரம்: 0.61 × 0.61 × 0.61, அதாவது 0.23.

மென்பொருள் நிமிர்த்தும்போது, இந்த 3,200 பிக்சலை இழுத்துக் கீழ் ஜன்னலின் அளவுக்குப் பரப்புகிறது. இடையில் விழும் ஓட்டைகளைப் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. கிரில் கம்பியோ காரை உதிர்ந்த இடமோ கேமராவில் பதிவாகவில்லை என்றால், இழுப்பதால் அது வந்துவிடாது. இழந்தது நிமிர்த்தும்போது அல்ல, சாய்த்து எடுத்த அந்த நொடியிலேயே. நிமிர்த்தல் அதைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அடையாளம் கண்டுபிடிப்பதும் எளிது. நிமிர்த்திய படத்தை நூறு சதவீத அளவில் திறந்து, கீழிருந்து மேலே மெல்ல நகர்த்திப் பார்க்க வேண்டும். கீழே செங்கல் இடுக்குவரை கூர்மை. மேலே போகப்போகக் குழைவு. மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படமென்றால் இன்னும் தெளிவாகப் பிடிபடும்: வானத்தின் புள்ளித்தூசி கீழே பொடியாகவும், உச்சியில் சோளம்போல் பருத்தும், மேல்கீழாக நீண்டும் இருக்கும்.

இந்த விலையோடு ஒரு வெட்டும் உண்டு. செவ்வகப் படத்தின் மேல்பக்கத்தை இழுத்தால் அது தலைகீழாகக் கவிழ்த்த கூடையின் எதிர்வடிவம்போல, மேலே அகன்று கீழே குறுகி நிற்கும். மறுபடி செவ்வகமாக்க இருபுறமும் நறுக்க வேண்டும். நம் கணக்கில் உச்சி மட்டத்தில் இருந்த காட்சியில் 39 சதவீதம் இப்படிப் போய்விடுகிறது. கட்டடத்தை ஓரம் ஒட்டி நெருக்கமாகப் படமெடுத்தவர் நிமிர்த்தியபின் கட்டடத்தின் தோள்களை இழப்பது இதனால்தான். இரண்டு பக்கமும் வெற்றிடம் விட்டு எடுப்பது பழகியவர்களின் வழக்கம்.

சில எளிய கருவிகள் அகலத்தை மட்டும் இழுத்து, உயரத்தை அப்படியே விட்டுவிடும். கோடுகள் நேராகிவிடும், கட்டடமோ தலையில் தட்டி அமுக்கியதுபோல் குள்ளமாகும். லைட்ரூமில் `Aspect` என்றொரு நகர்த்தி இருப்பது இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

இனி மாற்று வழி. கட்டடப் படமெடுப்போர் பழைய பெட்டிக் கேமரா காலத்திலேயே இதற்கு விடை வைத்திருந்தார்கள். கேமராவைச் சாய்க்காமல், முன்னால் துருத்தியில் பொருத்திய லென்ஸை மட்டும் மேலே உயர்த்துவார்கள். 1960-களின் தொடக்கத்தில் நிக்கான் இதே தந்திரத்தை 35 மி.மீ. பிலிம் கேமராவுக்கான ஒரு லென்ஸில் கொண்டுவந்தது. ஷிப்ட் லென்ஸ் என்று இன்று சொல்வது அந்த வகையைத்தான். 12 மி.மீ. உயர்த்தக்கூடிய 24 மி.மீ. ஷிப்ட் லென்ஸை அதே இடத்தில் வைத்தால் உச்சியில் இரண்டரை மீட்டர் படத்துக்கு வெளியே போகிறது. மூன்று மீட்டர் பின்னே நகர்ந்தால் முழுதும் அடங்குகிறது. இப்போது எல்லா மாடிக்கும் ஒரே அளவு: ஜன்னல் ஒன்றுக்கு 93-க்கு 93. உச்சி ஜன்னலுக்கு 8,600 பிக்சலுக்கு மேல். இதற்கும் சிறு விலை உண்டு. லென்ஸ் தரும் வட்டப் பிம்பத்தின் ஓரத்தைப் பயன்படுத்துவதால் அங்கே கொஞ்சம் மங்கலும் இருட்டும் சேரும். பெரிய விலை கடையில் கொடுக்க வேண்டியது.

அந்தப் பணம் இல்லாதவருக்கு ஒரு வினோதம். 14 மி.மீ. அகலக்கோண லென்ஸைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, ஒரு மீட்டர் மட்டும் பின்னே நகர்ந்து எடுத்து, கீழே வரும் சாலைப் பாதியை வெட்டி எறிந்துவிட்டால், உச்சி ஜன்னலுக்கு 57-க்கு 57 பிக்சல் கிடைக்கிறது. பெருக்கினால் 3,200 சொச்சம். 24 மி.மீ. லென்ஸைச் சாய்த்து எடுத்து நிமிர்த்தியவருக்கு உச்சியில் கிடைத்ததும் ஏறக்குறைய அதுவே! கீழ்மாடிகளில் மட்டும்தான் சாய்த்தவருக்கு லாபம். பாதிப் படத்தை எறிகிறோமே என்று மனம் பதைக்கும். கணக்கு பதைக்க வேண்டியதில்லை என்கிறது.

இந்த 57 என்ற எண்ணைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும். சாய்த்து எடுத்த படத்தை எந்த அளவுக்கு வெளியிடலாம் என்பதை அதுதான் சொல்கிறது. மீட்டருக்கு 57 பிக்சல் என்றால் 54 மீட்டர் கட்டடம் சுமார் 3,100 பிக்சல் உயரம். பத்திரிகையின் ஏ4 பக்கத்தில் முழுநீளமாக அச்சிட அது போதும். ஆகவே கீழ்மாடியின் கூர்மையை அளவாக வைத்து 6,000 பிக்சல் உயரத்துக்குப் படத்தை இழுக்காமல், உச்சியின் சக்தி எவ்வளவோ அந்த அளவுக்குச் சுருக்கிச் சேமிப்பதே நேர்மையான வேலை. வாட்ஸ்அப்பில் அனுப்பப்போகும் படத்துக்கு இந்தக் கவலையே வேண்டாம். கூர்மையேற்றுவதாக இருந்தால் நிமிர்த்திய பிறகு ஏற்றுவது நல்லது. முன்பே ஏற்றினால் அந்தக் கூரான விளிம்புகளும் சேர்ந்து இழுபட்டு, உச்சியில் தடித்த கோடுகளாகும்.

எதை நேர் என்று கொள்வது என்பதும் ஒரு சிக்கல். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் இயல்பிலேயே மேலே குறுகிக்கொண்டு போவது. கோபுரங்களும் அப்படியே. தானாக நிமிர்த்தும் பொத்தானை அங்கே நம்பினால், ராஜராஜனின் சிற்பிகள் வேண்டுமென்றே வைத்த சரிவை அது பிழை என்று நினைத்துத் திருத்திவிடக்கூடும். அங்கே வழிகாட்டிக் கோடுகளை விமானத்தின் விளிம்பில் வைக்கக் கூடாது. கீழே செங்குத்தாக எழும் சுவரின் அரைத்தூண்களில் வைக்க வேண்டும். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்திருக்கக்கூடிய இடம் எதுவோ அதுவே அளவுகோல்.

கோடுகள் எல்லாம் நேரானாலும் பார்த்த இடம் மாறுவதில்லை. கீழே நின்று எடுத்த படத்தில் ஒவ்வொரு மாடியிலும் சன்ஷேடின் அடிவயிறு தெரிந்துகொண்டேதான் இருக்கும். உருண்டையான குவிமாடங்கள் உச்சியில் இருந்தால் முட்டைபோல் நீளும். ஷிப்ட் லென்ஸ் போட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது. மிகக் கிட்டே நின்று எடுத்ததை முழுக்க நிமிர்த்தினால், தலை பெருத்து முன்னால் சாய்வதுபோல் ஒரு மாயை வரும். அதனால் தேர்ந்தவர்கள் பலர் ஒரு துளிச் சாய்வை மிச்சம் வைத்துவிடுகிறார்கள்.

இவை அத்தனைக்கும் மலிவான மருந்து, நிற்கும் இடத்தை மாற்றுவது. 40 மீட்டருக்குப் பதில் 80 மீட்டர் தள்ளிப் போனால் 15 டிகிரி சாய்வே போதும். உச்சியின் அகலம் 85 சதவீதமாகத் தெரியும். ஆனால் சென்னைச் சாலையில் 80 மீட்டருக்குள் ஒரு தூங்குமூஞ்சி மரம், நாலு கேபிள் வயர், ஒரு விளம்பரப் பலகை, போதாததற்கு மாநகரப் பேருந்து எல்லாம் குறுக்கே வந்துவிடும். அதைவிட, எதிர்ச்சாரியில் 20 மீட்டர் உயரமுள்ள மொட்டை மாடி ஒன்றில் ஏறுவது மேல். அதே 40 மீட்டர் தூரம், அதே 24 மி.மீ. லென்ஸ், 7 டிகிரி சாய்த்தால் போதும். உச்சி ஜன்னலுக்கு 91-க்கு 83 பிக்சல், அதாவது தரையிலிருந்து எடுத்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். சன்ஷேடின் அடிவயிறும் கீழ்மாடிகளில் மறைந்துவிடும். வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனிடம் மாடிச் சாவியைக் கேட்டு வாங்குவதற்குத்தான் இதுவரை மென்பொருள் வரவில்லை.