சொல்ல இடம் தரும் மருத்துவமனை

நுழையும்முன்
நோயைக் கண்டறிய ஆய்வகக் கருவிகள் மட்டும் போதா. நோயுற்றவரின் சொல்லும் வேண்டும். அச்சொல் தடையின்றி வெளிப்படுவதற்குப் பள்ளியும் மருத்துவமனையும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு மாணவியின் சோர்வு

பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலான காலத்தை உலக நலவாழ்வு நிறுவனம் வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. உடல் விரைந்து வளரும் இப்பருவத்தில் இரும்புச்சத்தின் தேவை மிகுகிறது. பெண்களுக்கு மாதவிடாயால் இழப்பும் சேர்கிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினரும், ஆண்களில் 31 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையவர்கள் எனக் காட்டியது.

திருவண்ணாமலையில் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. வகுப்பில் கவனம் நிலைப்பதில்லை. வீட்டாரோ, ‘இரவில் கண்விழித்துப் படிப்பதால் வந்த களைப்பு’ என்கின்றனர். பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை அவள் உட்கொண்டே வருகிறாள். ஆயினும் சோர்வு நீங்கவில்லை.

வாரத்திற்கு ஒரு மாத்திரை என்பது தடுப்பு அளவு. நோயைத் தீர்க்கும் அளவு அன்று. அவள் வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை ஆகும். பரிசோதனையில் அவளுக்கு 10 கிராம் இருப்பதாகக் கொள்வோம். அப்போது நாள்தோறும் இரண்டு மாத்திரைகள் வீதம் ஏறத்தாழ மூன்று மாதம் மருந்து வேண்டும். ஒரு மாதத்திற்குள் அளவு ஒரு கிராமேனும் உயரவில்லையெனில், காரணம் வேறெங்கோ உள்ளது என்பது பொருள்.

அவள் சொல்லாத செய்தி

காரணம் அவளுக்குத் தெரியும். மாதவிடாய் ஏழு நாள்களுக்கு மேல் நீடிக்கிறது. ஓரிரு மணி நேரத்திற்கு ஒருமுறை அணையாடை மாற்ற நேர்கிறது. இதனை அவள் எவரிடமும் கூறவில்லை. கார்த்திகைத் தீபத்திற்கும் முழுநிலவு நாளின் கிரிவலத்திற்கும் வெளியூர் மக்கள் திரளும் ஊர் அது. எனினும், உள்ளூரில் ஒரு தெருவினர் மற்றொரு தெருவினரை அறிவர். புறநோயாளர் வரிசையில், ‘என்ன தொந்தரவு?’ என உரக்கக் கேட்டால், அடுத்து நிற்கும் அத்தைக்கும் அது எட்டும். எனவே அவள், ‘தலைவலி’ என்று கூறி, அதற்குரிய மாத்திரையுடன் திரும்புவாள்.

நட்புணர்வு உடைய மருத்துவமனை

இந்திய அரசு 2014 சனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம், இத்தகையோர்க்கெனத் தனி மருத்துவ மையங்களை வகுத்தது. உடலோடு மனநலம், போதைப் பழக்கம், வன்முறை ஆகியவற்றையும் அத்திட்டம் கருத்திற்கொண்டது.

மையத்தின் நட்புணர்வு சுவரின் வண்ணத்தில் இல்லை. அது பள்ளி முடிந்த பின்னும் திறந்திருக்க வேண்டும். பதிவு செய்யும் இடத்தில் நோயின் பெயரைக் கேட்டல் கூடாது. உரையாடல் வெளியே கேளாத அறை வேண்டும். மாணவி விரும்பினால் பெண் ஆலோசகர் கிடைக்க வேண்டும். ‘இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?’ என்ற ஒரு வினா போதும். அவள் மீண்டும் வரமாட்டாள்.

மறைகாப்புக்கும் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து இருப்பின் பெற்றோர்க்குத் தெரிவிக்க நேரும். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பாலியல் குற்றத்திற்கு உள்ளானதை அறிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதனைத் தெரிவித்தாக வேண்டும். நல்ல ஆலோசகர் இவ்வெல்லையை உரையாடலின் தொடக்கத்திலேயே கூறிவிடுவார். இடையில் கூறின் நம்பிக்கை முறியும்.

பள்ளி தரும் பயிற்சி

கதவு திறந்திருந்தாலும், உள்ளே சென்று பேசும் திறன் வேண்டும். தன்னை அறிதல், பிறர்நிலை உணர்தல், முடிவெடுத்தல், தெளிவாகப் பேசுதல் உள்ளிட்ட பத்துத் திறன்களை வாழ்க்கைத் திறன்கள் என உலக நலவாழ்வு நிறுவனம் தொகுத்துள்ளது. இவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவதால் திறன் வாராது. நீச்சலைக் கரும்பலகையில் கற்க இயலாததைப் போன்றதே இதுவும்.

ஆகவே வகுப்பில் இருவர் மருத்துவராகவும் மாணவியாகவும் நடித்துப் பழக வேண்டும். ‘எத்தனை நாளாக, எவ்வளவு, எதனால் மிகுகிறது’ என்னும் மூன்றையும் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்க வேண்டும். நண்பன் நீட்டும் புகையிலையை, நட்பு முறியாமல் மறுப்பதற்கும் இதே பயிற்சி உதவும்.

அவ்வாறு பழகிய மாணவி, தனியறையில் தன் குறையைக் கூறுகிறாள். மருத்துவர் மிகை உதிரப்போக்கிற்கான காரணத்தை ஆராய்ந்து மருந்து தருகிறார். இரும்புச்சத்து மாத்திரையை உணவுக்குப் பின் உண்ணவும், அவ்வேளையில் தேநீரைத் தவிர்க்கவும் அறிவுறுத்துகிறார். மலம் கருநிறமாவது மருந்தின் இயல்பே என்றும் கூறுகிறார். இல்லையேல் அவள் அஞ்சி மருந்தை நிறுத்திவிடக்கூடும். அடுத்த மாதம் ஹீமோகுளோபின் மீண்டும் அளக்கப்படும். அவ்வளவு உயருமாயின், அதற்கு மாத்திரையோடு அவள் சொன்ன சொல்லும் காரணமாகும்.