GSTR-2B-க்கும் GSTR-3B-க்கும் இடையே ரூ. 54,000 வித்தியாசம்: ஆடிட்டரிடம் எதை, எப்படிக் கேட்பது?

சரக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, விற்கும்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் வியாபாரி கழித்துக்கொள்ளலாம். சட்டம் இதை உள்ளீட்டு வரி வரவு என்கிறது. கடைவீதியில் இதற்குப் பெயர் இன்புட். எவ்வளவு இன்புட் எடுத்தார் என்பதை வியாபாரி மாதாந்திர GSTR-3B ரிட்டர்னில் காட்டுகிறார். எவ்வளவு எடுக்கலாம் என்பதை GSTR-2B என்ற அறிக்கை சொல்கிறது. சரக்கு விற்றவர்கள் தங்கள் GSTR-1-இல் ஏற்றிய பில்களைக் கொண்டு போர்ட்டல் தானாகவே இந்த அறிக்கையைத் தயாரிக்கிறது. 2022 ஜனவரி 1 முதல், 2B-இல் வராத பில்லுக்கு இன்புட் எடுக்க முடியாது. 3B-இல் எடுத்தது 2B-இல் இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தால் அதுவே பொருந்தாமை, அதாவது மிஸ்மேட்ச்.

இந்தப் பொருந்தாமைக்குப் பெரும்பாலும் தேதிகளே காரணம். மாதம்தோறும் தாக்கல் செய்யும் சப்ளையர் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் GSTR-1 போட வேண்டும். 14-ஆம் தேதி 2B உருவாகும். 20-ஆம் தேதிக்குள் 3B தாக்கலாக வேண்டும். சப்ளையர் 11-ஐத் தவறவிட்டால் அவருடைய பில் அடுத்த மாத 2B-க்குத் தள்ளிப்போகும். பில்லும் சரக்கும் கையில் இருந்தாலும் அந்த மாதம் இன்புட் கிடையாது. மற்ற வித்தியாசங்களுக்குக் காரணம் பில்லில் உள்ள பிழை: ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது கணக்கில் ஒரே பில் இரண்டு முறை ஏறியிருக்கும்.

“2B-யும் 3B-யும் ஒத்துவரவில்லை, என்ன செய்வது?” என்று மட்டும் கேட்டால் ஆடிட்டரால் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு காரணத்துக்கும் தீர்வு வேறு. ஆகவே வித்தியாசத்தைப் பில்வாரியாகப் பிரித்துக்கொண்டு போவதுதான் முதல் வேலை. மதுரையில் ஹார்டுவேர் கடை நடத்தும் ஒருவரின் கணக்கை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை மாதத்துக்கு அவர் ஆகஸ்ட் 20 அன்று 3B தாக்கல் செய்து ரூ. 2,40,000 இன்புட் எடுத்தார். 2B-இல் இருந்ததோ ரூ. 1,86,000. வித்தியாசம் ரூ. 54,000, இது சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டிலும் சரிபாதி. டிசம்பர் 16 அன்று போர்ட்டலில் DRC-01C அறிவிப்பு வந்தது. ஆடிட்டருக்கு அவர் அனுப்ப வேண்டிய கேள்வி இப்படி இருக்கும்:

“ஜூலை 2024-இல் ரூ. 54,000 கூடுதலாக எடுத்திருக்கிறேன். மூன்று பில்கள். முதல் பில்லின் வரி ரூ. 27,000, சப்ளையர் GSTR-1-ஐ ஆகஸ்ட் 18-இல்தான் போட்டார், பில் ஆகஸ்ட் மாத 2B-இல் வந்துவிட்டது, ஆகஸ்டில் அதை மறுபடி எடுக்கவில்லை. இரண்டாவது ரூ. 18,000, சப்ளையர் எங்கள் ஜிஎஸ்டி எண்ணைத் தவறாகப் போட்டிருக்கிறார், இன்னும் திருத்தவில்லை. மூன்றாவது ரூ. 9,000, எங்கள் கணக்கிலேயே இரண்டு முறை ஏறிவிட்டது. வரவு லெட்ஜரில் ஆகஸ்ட் 20-இல் ரூ. 64,000 மிச்சம் இருந்தது. செப்டம்பர் 20-இல் ரூ. 5,000 ஆகக் குறைந்தது, அதன்பின் அதற்குக் கீழே போகவில்லை. 2024–25-க்கான ஆண்டு ரிட்டர்ன் இன்னும் போடவில்லை. எவ்வளவு திருப்ப வேண்டும், வட்டி எவ்வளவு, அறிவிப்புக்கு என்ன பதில்?”

இதில் ஒவ்வொரு தேதிக்கும் வேலை இருக்கிறது. முதல் பில்லைப் பொறுத்தவரை, இன்புட் ஒரு மாதம் முன்கூட்டி எடுக்கப்பட்டதே தவிர, உரிமையில்லாமல் எடுக்கப்படவில்லை. ஆகவே இப்போது திருப்ப வேண்டியதில்லை. பலர் சிக்குவது இதற்கு அடுத்த படியில். பில் ஆகஸ்ட் 2B-இல் வந்ததும் போர்ட்டல் அந்தத் தொகையை ஆகஸ்ட் 3B-இல் தானாக நிரப்பிவிடும். அதைக் கழிக்காமல் தாக்கல் செய்தால் ஒரே பில்லுக்கு இரண்டு முறை இன்புட் எடுத்ததாகிவிடும். ஆடிட்டர் முதலில் சரிபார்ப்பது இதைத்தான்.

மற்ற இரண்டு பில்களின் ரூ. 27,000-ஐத் திருப்பியாக வேண்டும். தாக்கலான 3B-ஐத் திருத்த வழியில்லை. அடுத்து வரும் 3B-இல் 4(B)(2) என்ற கட்டத்தில் காட்ட வேண்டும். இங்கே அது டிசம்பர் 20 அன்று தாக்கலாகும் நவம்பர் மாத ரிட்டர்ன். இதில் ரூ. 9,000 போனது போனதுதான். ரூ. 18,000 மட்டும் தற்காலிகம். சப்ளையர் தன் டிசம்பர் மாத GSTR-1-இல் எண்ணைத் திருத்தினால், 2025 ஜனவரியில் உருவாகும் 2B-இல் பில் வரும்; அதே மாதம் போடும் 3B-இல் 4(A)(5)-இல் மறுபடி எடுத்து, 4(D)(1)-இலும் காட்டிக்கொள்ளலாம்.

வட்டிக்கு லெட்ஜர் இருப்பே ஆதாரம். தவறாக எடுத்த இன்புட் லெட்ஜரிலேயே கிடந்தால் வட்டி இல்லை. அதைச் செலவழித்தால்தான் ஆண்டுக்கு 18 சதவீதம் விழும். இருப்பு தவறான தொகையைவிடக் கீழே இறங்கினால் செலவழித்ததாகப் பொருள். ஆகஸ்ட் 20-இல் இருப்பு ரூ. 64,000, தவறான தொகை ரூ. 54,000. எனவே அன்று வட்டி தொடங்கவில்லை. செப்டம்பர் 20-க்குள் முதல் பில் சரியாகிவிட்டதால் தவறாக நின்றது ரூ. 27,000; இருப்போ ரூ. 5,000. ஆகச் செலவானது ரூ. 22,000. அன்றிலிருந்து டிசம்பர் 20 வரை 91 நாள். 22,000-க்கு 18 சதவீதத்தில் 91 நாள் வட்டி சுமார் ரூ. 987. லெட்ஜர் இருப்பைச் சொல்லாமல் கேட்டிருந்தால், ரூ. 54,000 முழுவதற்கும் ஆகஸ்டிலிருந்தே வட்டி கணக்கிடப்பட்டிருக்கும். வட்டியை ரொக்க லெட்ஜரிலிருந்துதான் கட்ட முடியும். இன்புட்டில் கழிக்க முடியாது.

DRC-01C-க்கு ஏழு நாளுக்குள், அதாவது டிசம்பர் 23-க்குள், பணத்தையும் வட்டியையும் கட்ட வேண்டும் அல்லது காரணம் சொல்லிப் பகுதி B-இல் பதில் போட வேண்டும். முதல் பில் எந்த மாத 2B-இல் வந்தது, மற்றவை எந்த ரிட்டர்னில் திருப்பப்பட்டன என்று தேதியுடன் எழுதினால் போதும். பதிலே போடாவிட்டால் அடுத்த GSTR-1 முடக்கப்படும். அப்போது கடைக்காரரின் வாடிக்கையாளர்களுக்கும் 2B-இல் பில் வராமல் போகும்.

ஆடிட்டராலும் நகர்த்த முடியாத எல்லை ஒன்று உண்டு. 2024–25 பில்களுக்கு இன்புட் எடுக்கவும், சப்ளையர் தன் GSTR-1-ஐத் திருத்தவும் கடைசி நாள் 2025 நவம்பர் 30. ஆண்டு ரிட்டர்ன் அதற்கு முன்பே தாக்கலானால் அந்த நாளே கடைசி. அதற்குள் எண் திருத்தப்படாவிட்டால் ரூ. 18,000-ஐ அரசிடம் கோர முடியாது. சப்ளையருக்குத் தர வேண்டிய பாக்கியில் பிடித்துக்கொள்வது அல்லது அவரிடமே வசூலிப்பது என்ற வழிதான் மிஞ்சும். பில் 2B-இல் வந்தாலும், சப்ளையர் தன் 3B-ஐ 2025 செப்டம்பர் 30 வரை தாக்கல் செய்யாவிட்டால், வாங்கியவர் அந்த இன்புட்டை நவம்பர் 30-க்குள் திருப்ப வேண்டும். சப்ளையர் பின்னால் தாக்கல் செய்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.